இரண்டு இலை, ஒரு மொட்டு, ஒரு சுயவிவரம்

தேயிலை அலுவலகத்தில் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. உர மூட்டை, கொழுந்து விலை, போனஸ் கணக்கு எல்லாம் இருபது வருடமாக என் கை வழியாகத்தான் தமிழுக்கு வந்திருக்கின்றன. அந்தத் தைரியத்தில்தான் சித்தி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வர்க்கியும் கையுமாக வந்து நின்றான். குன்னூரில் ஒரு தொழிற்சாலையில் டீ ருசி பார்க்கிற வேலை அவனுக்கு.

“அக்கா, டேட்டிங் ஆப்ல என் பயோவைத் தமிழ்ல மாத்திக் கொடுங்க. இங்கிலீஷ்ல போட்டா பெங்களூர்ல இருந்து வர்றவங்கதான் பேசுறாங்க. திங்கக்கிழமை ஊருக்குப் போனா மறந்துடுறாங்க.”

ஆங்கிலத்தில் மூன்றே வரி. முதல் வரி: தேயிலைக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் வேண்டும், நான் ஓர் இலை, இன்னோர் இலையைத் தேடுகிறேன். ஆங்கிலத்தில் அழகாகத்தான் இருந்தது. தமிழில் எழுதிப் பார்த்தேன். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலிலிருந்து இந்த மாநிலத்தில் இரண்டு இலை சேர்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பையன் துணை தேடுகிறானா, ஓட்டுக் கேட்கிறானா என்று படிக்கிறவள் குழம்புவாள். போதாததற்கு மொட்டு வேறு. முகம் பார்ப்பதற்கு முன்பே பிள்ளைப் பேச்சா? அடித்துவிட்டேன்.

“அப்ப என் வேலையைப் பத்தி எப்படிச் சொல்றது?”

“நீ அங்க என்னதான் பண்றே?”

“டீயைச் சத்தமா உறிஞ்சிட்டுத் துப்புவேன். காத்தோட சேத்து உறிஞ்சினாத்தான் வாசனை மூக்குக்கு ஏறும்.”

இதைவிட நல்ல வரி எந்த மொழியில் கிடைக்கும்? துப்புவதை மட்டும் விட்டுவிட்டேன். முதல் அறிமுகத்துக்கு அது கொஞ்சம் அதிகம்.

இரண்டாவது வரி மலை ரயில். நான் மெதுவாகத்தான் ஏறுவேன், ஆனால் வழுக்கிக் கீழே போகமாட்டேன் என்று எழுதியிருந்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் இருக்கிறது, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறுகிறது. இதையெல்லாம் விளக்கினால்தான் சிரிப்பு வரும் என்றால், வருவது சிரிப்பல்ல, கொட்டாவி. ஆனால் மேட்டுப்பாளையத்துக்காரர் யாரைக் கேட்டாலும் அந்த ரயிலைப் பற்றி முதலில் சொல்வது பல்சக்கரமில்லை. மழை பிடித்தால் மண் சரியும், ரயில் ரத்தாகும். சிரிப்பு அங்கேதான் இருந்தது.

மூன்றாவது வரியில்தான் திண்டாடிப்போனேன். உண்மையான ஒன்றைத் தேடுகிறானாம். “உண்மையான உறவை நாடுகிறேன்” என்று எழுதினேன். படித்துப் பார்த்தால், அடுத்து “ஜாதி தடையில்லை” என்று போட வேண்டியதுதான் பாக்கி. தமிழில் வாக்கியம் ‘கிறேன்’ என்று முடிந்ததுமே ஆள் கைகட்டி நின்று மனுக் கொடுக்கிறான். சுற்றறிக்கைக்கு அது சரி. ஆகவே முழுக்கப் பேச்சுத் தமிழுக்கு இறங்கினேன். அங்கே வேறு வம்பு காத்திருந்தது. ‘நீ’ என்றால் இப்போதே உரிமை எடுத்தது போல, ‘நீங்கள்’ என்றால் பெண் பார்க்க வந்தது போல. படிக்கிறவளைக் கூப்பிடாமலே எழுதிவிட்டேன். உண்மை என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன், உண்மையாக ஒன்றைச் சொன்னால் போதுமே என்று.

“நீ யாரையாவது காக்க வெச்சிருக்கியாடா?”

“இல்லக்கா. வரமுடியலைன்னா முன்னாடியே போன் பண்ணிடுவேன்.”

கிடைத்துவிட்டது.

தட்டச்சு செய்யும்போது இன்னொரு சிக்கல். அந்த ஆப்பில் 300 எழுத்துக்குமேல் போகாது. ‘குன்னூர்’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, அவன் போன் எட்டு என்றது. புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகிறது! கால் வாங்கினாலும் கட்டணம். அதனால் மூன்றாவது வரியின் வாலில் அவன் ஒட்டியிருந்த “இயற்கையை ரசிப்பவன்” வெளியேறியது. நீலகிரியில் பிறந்தவன் அதைச் சொல்வது, மீன் தனக்கு நீந்தத் தெரியும் என்பது மாதிரி.

கடைசியில் நின்றது இது:

“குன்னூர். டீயைச் சத்தமா உறிஞ்சிக் குடிப்பேன், சம்பளமே அதுக்குத்தான். மலை ரயில் மாதிரி ஆளு. மெதுவாத்தான் வருவேன், மழை பெஞ்சா வரமாட்டேன். ஆனா வரலைன்னா முன்னாடியே சொல்லிடுவேன்.”

“அக்கா, இதுல நான் எழுதினது ஒண்ணுமே இல்லையே” என்றான். உண்மைதான். ஆனால் இருந்ததெல்லாம் அவன்.

பத்து நாள் கழித்து மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பெண் பதில் போட்டிருந்தாள். எனக்குத்தான் முதலில் காட்டினான்.

“மழை பெஞ்சா பஸ்ல வாங்க.”

அந்த வாரம் நல்ல மழை. பஸ்ஸில்தான் போனான்.