வாய் படிச்சது சரி, மண்டை படிச்சுச்சா?

குமுளியில டியூஷனுக்கு வர்ற பேத்தி, நான் எழுதிக் குடுத்த பெரியாறு பத்தியைத் தட்டாம முட்டாம வாசிச்சு முடிச்சா:

“1886 அக்டோபர் 29-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, அணையிடத்தில் ஆற்றின் அடிமட்டத்திலிருந்து 155 அடி உயரம் வரை நீரில் மூழ்கக்கூடிய 8,000 ஏக்கர் நிலம், ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்கு, திருவிதாங்கூர் மகாராஜாவால் பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரிக்கு விடப்பட்டது.”

“என்னத்தா புரிஞ்சுச்சு?”

“மகாராஜா நிலத்தை வித்துட்டாரு. அணை 155 அடி உசரம்.”

“பலே! ராஜா செய்யாத வியாபாரத்தை நீ முடிச்சுட்ட. இப்ப நான் வாசிக்கிறேன். என் மண்டைக்குள்ள ஓடுறதையும் சத்தமாச் சொல்றேன், கேளு. ‘1886… ஒப்பந்தப்படி…’ இவ்வளவு நீளமா? நான் நேரா வாலுக்குப் போறேன். ‘விடப்பட்டது.’ எது? நிலம். விட்டது யாரு? ‘மகாராஜாவால்.’ வாங்கினது? மந்திரி. எலும்புக்கூடு கிடைச்சிருச்சு, இனி சதை. ‘155 அடி’… அணையோட உசரமா இருக்குமோ? ‘வரை மூழ்கக்கூடிய’ன்னு இருக்கே. அப்ப இது தண்ணி ஏறி நிக்கிற கோடு. என் ஊகம் தப்பு, அடிச்சுட்டேன். ‘வாடகை’… வித்தவன் எவனாவது வருசா வருசம் வாடகை வாங்குவானா?”

“ஐயோ, அப்ப குத்தகையா தாத்தா?”

“என்னை ஏன் கேக்குற? பத்தியக் கேளு.”

“‘999 ஆண்டுகளுக்கு’ன்னு கெடு இருக்கு. வித்திருந்தா கெடு எதுக்கு? குத்தகைதான்.”

“ஏக்கருக்கு எவ்வளவு?”

“பத்தியில இல்லையே.”

“இல்லைன்னு சொன்ன பாரு, அதுதான் வாசிப்பு. ஆனா கணக்குப் போட விரல் இருக்கே?”

“நாப்பதாயிரத்தை எட்டாயிரத்தால வகுத்தா அஞ்சு ரூவா.”

“சரி, அடுத்த வரி உன் பாடு. சத்தமா யோசி.”

“‘1970-இல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டு, மீன்பிடி உரிமை கேரளத்துக்கு அளிக்கப்பட்டது.’ வால்ல ‘அளிக்கப்பட்டது.’ வாங்கினது கேரளம். குடுத்தது யாரு? எழுதலையே… மேல போறேன். ராஜா பக்கம் இப்ப கேரளம். மந்திரி எடுத்தது மெட்ராஸுக்காகன்னா, அந்தப் பக்கம் தமிழ்நாடு. அவங்கதான் குடுத்திருக்கணும். மந்திரி எடுத்தது மெட்ராஸுக்குத்தானா? அது மட்டும் பத்தியில இல்ல, நானாச் சேத்தேன்.”

“சேத்ததைச் சேத்தேன்னு சொல்லிட்ட, பொழச்ச. உன் ஊகம் சரிதான், ஆனா ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வை. இனிமே நீ எங்கயும் நிக்காம ஒரு பத்திய வாசிச்சு முடிச்சா ‘சபாஷ்’னு சொல்ல மாட்டேன், எந்த இடத்தைத் தாண்டிக் குதிச்சேன்னுதான் கேப்பேன். புத்தகத்தை மூடிட்டு, யாரு, யாருக்கு, எதை, எவ்வளவுக்குன்னு உன் பேச்சுல சொல்லு. புத்தகத்து வார்த்தையே வாயில வந்துச்சுன்னா, இன்னும் வாய்தான் படிக்குது, மண்டை வாசல்லயே நிக்குது!”