பாண் வண்டிப் பாட்டும் பரதேசப் படிப்பும்

வெளிநாட்டில் படிக்கும் மாணவருக்கு ஊர் நினைப்பு முற்றும் நேரம் பெரும்பாலும் இரவு பத்து மணி. ஜெர்மனியில் குளிர்காலத்து இரவு பத்து என்றால் கரவனெல்லயில் அதிகாலை இரண்டரை. ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகிறவர்கள்கூட அந்நேரம் எழும்பியிருக்க மாட்டார்கள். அப்போது வீட்டுக்கு ஃபோன் எடுத்தால், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று லயம் முழுக்க விளக்கு எரியும். விசாரிக்க வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றியே அம்மாவுக்கு விடிந்துவிடும். ஆகவே விடியும்வரை பாட்டைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். அதையும் உரக்கப் போட முடியாது. ஜெர்மனியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார்.

இந்த நேரத்துக்கென்று எல்லோரும் சிபாரிசு செய்வது ஊர்ப்பெருமை பேசும் பாட்டுகளை. 1990இல் வந்த ‘ஊரு விட்டு ஊரு வந்து’ படத்தில் இளையராஜாவும் எஸ். ஜானகியும் பாடிய, சொர்க்கத்தையும் சொந்த ஊரையும் தராசில் வைக்கும் பாட்டு அவற்றில் தலையாயது. அருமையான பாட்டுத்தான். ஆனால் அழாமல் இருப்பதற்காகக் கேட்கும் பாட்டு அழு அழு என்று தோளைத் தட்டினால் எப்படி? அது முடிந்ததும் யூடியூப் தன் பங்குக்கு ஓர் அம்மா பாட்டை எடுத்து வைக்கும். அதற்கடுத்து இன்னொன்று. நான்காவது அம்மா பாட்டில் மாணவர் விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருப்பார்; விலையைப் பார்த்த பிறகு வரும் அழுகைக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை.

இப்படி ஏன் ஆகிறது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஊர் ஏக்கத்தை ஒரு வியாதியாக முதலில் எழுதி வைத்தவரே ஒரு மாணவர்தான். 1688இல் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இதைப் பற்றியே ஆய்வேடு எழுதினார். அவர் காட்டிய நோயாளிகளில் ஒருவரும் படிக்க வந்தவர். பெர்ன் நகரத்துப் பிள்ளை, பாஸலுக்கு வந்து, ஊரை நினைத்தே படுக்கையில் விழுந்தார். மரணப் படுக்கை என்றே சுற்றி இருந்தவர்கள் நினைத்தார்கள். கடைசியில் ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று வண்டியில் ஏற்ற, பாதி வழியிலேயே தெளிந்துவிட்டார். பெர்னுக்கும் பாஸலுக்கும் இடையே இன்று ரயிலில் ஒரு மணி நேரம். கரவனெல்லயிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போக இதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்தப் பயணத்தில் யாரும் படுக்கையில் விழுந்ததாகத் தகவல் இல்லை, இருக்கை கிடைத்தால்தானே சாயவே முடியும்.

பாட்டு இந்தக் கதைக்குள் வருவது ரூஸோவின் கையால். 1768ஆம் ஆண்டு இசை அகராதியில் அவர் ஒரு செய்தி எழுதுகிறார். அந்நிய நாட்டுப் படைகளில் கூலிக்குப் போரிட்ட ஸ்விஸ் சிப்பாய்கள் நடுவே ஒரு குறிப்பிட்ட மெட்டை வாசித்தால் மரண தண்டனை என்று உத்தரவு இருந்ததாம். காதில் விழுந்தால் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள், சிலர் செத்தே போவார்கள் என்று பயம். அப்படி உயிரைக் குடிக்கும் மெட்டில் என்ன சோகம் இருந்தது? ஒரு சோகமும் இல்லை. மலையில் மேயும் பசுக்களைக் கூப்பிடுகிற மெட்டு அது. அதில் இசையின் மகிமை எதுவும் இல்லை, அது வெறும் நினைவுக்குறி என்று ரூஸோவே சொல்லிவிடுகிறார்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஊரைப் பற்றிப் பாடும் பாட்டு வேறு, ஊரில் ஏதோ ஒரு வேலையாக ஒலித்த பாட்டு வேறு. முதலாவது ஊரை வர்ணிக்கும், அதனால் ஊர் தூரத்தில் இருப்பதையும் கூடவே சொல்லிவிடும். இரண்டாவதற்கு ஊரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. மாட்டைக் கூப்பிடும், ஆளை எழுப்பும், பஸ்ஸில் டிரைவரைத் தூங்கவிடாது. கேட்டவரை ஒரு நொடியில் அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். ஆறுதலுக்கு இந்த இரண்டாம் வகைதான் தோதானது. ஸ்விஸ் சிப்பாய்களின் கதி நினைவுக்கு வரலாம். பாட்டு இழுத்த பக்கம் ஓட அவர்களுக்குக் கால் இருந்தது. மாணவருக்கு விசாவும் பரீட்சையும் இருக்கின்றன.

கரவனெல்லப் பக்கத்து மாணவரிடம் இந்த வகைச் சரக்குக்குப் பஞ்சமில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் காலை ஐந்து மணிக்கே குழாய் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி வந்துவிடுவார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் அந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டலாம் என்று யோசித்த அதே பிள்ளை, ஐரோப்பாவில் அதே பாட்டைக் காசு கொடுத்த ஹெட்ஃபோனில் கேட்பார். கேட்டுவிட்டு ஏதோ குறைகிறதே என்பார். குறைவது கரகரப்பு. கோயில் குழாயில் தாழ்ந்த சுருதி எதுவும் வெளியே வராது, குரல் மட்டும் தகரத்தில் உரசிக்கொண்டு வரும். நல்ல ஹெட்ஃபோனில் தபேலா தெளிவாகக் கேட்கிறது. அப்படித் தெளிவாகக் கேட்டால் அது நம்ம கோயில் இல்லை. ஃபோனை வெறும் எவர்சில்வர் குவளைக்குள் போட்டு வைத்தால் ஓரளவு சரியாகும். பத்து மணிக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம்.

கொழும்பு–ஹட்டன் தனியார் பஸ்ஸும் ஓர் இசைப் பள்ளிதான். அவிசாவளையிலிருந்து கரவனெல்ல தாண்டி யட்டியாந்தோட்டைப் பக்கம் ஏறும்வரை டிரைவர் தேர்ந்ததே பாட்டு, அது பெரும்பாலும் சிங்களப் பாட்டு. எச்.ஆர். ஜோதிபாலவின் பாட்டுகளைத் தானாக ஒரு நாளும் தேடிப் போட்டிராத தமிழ்ப் பிள்ளைக்கு அவற்றில் பாதி மனப்பாடம். வெளிநாட்டு அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டு அவற்றை முணுமுணுக்கும்போது, பக்கத்தில் நிற்கும் சிங்கள மாணவர் திரும்பிப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் பேச்சு அங்கே தொடங்கும். பாட்டிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தராத மிச்சக் காசு என்று போகும் பேச்சில் ஊர் நினைப்பு மறந்துவிடும், சில வேளை வெங்காயமும் கருகிவிடும்.

தப்புக்கு மட்டும் இந்த வழியில் இடமில்லை. ஒரு காலத்தில் தோட்டத்து ஆட்களை விடியலில் பெரட்டுக்குக் கூப்பிட்டதும் தப்பு, மாசி மாதக் காமன் கூத்துக்கு ஊரைக் கூட்டியதும் அதே தப்பு. தோலை நெருப்பில் காட்டி விறைப்பேற்றித்தான் அதை அடிப்பார்கள். ஃபோனில் அது குச்சி மேசையில் தட்டுவது போலத்தான் கேட்கும். வயிற்றில் வந்து விழும் பகுதி அந்தச் சின்ன ஸ்பீக்கரில் ஏறாது. திருச்சியையும் சேலத்தையும் நினைத்து லயத்துத் தாத்தாக்கள் பாடிய பாட்டுகளை ஸி.வி. வேலுப்பிள்ளை சேர்த்து வைத்திருக்கிறார். தாத்தா ஊரை நினைத்து அழுத இடத்தைப் பேரப்பிள்ளை ஊராக நினைத்து அழுகிறார் என்பதைப் பேரப்பிள்ளையிடம் இரவு பத்து மணிக்கு எடுத்துச் சொல்லாமல் இருப்பது நல்லது.

இனி, இந்த வகையின் உச்சமான பாண் வண்டி. காலையிலும் பின்னேரமும் தோட்டத்து ரோட்டில் ஏறிவரும் அந்த ஆட்டோவின் பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாண், மாலு பாண், சீனி தூவிய கிம்புலா பனிஸ். வண்டியின் பாட்டு பேத்தோவன் 1810இல் எழுதிய ‘எலீஸுக்காக’ என்ற பியானோ மெட்டு. அவர் 1827இல் இறந்து நாற்பது வருஷம் கழித்து 1867இல்தான் அது அச்சேறியது. யாருக்காக எழுதினார் என்று ஐரோப்பாவில் இன்னும் வாதாடுகிறார்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

கரவனெல்லயிலிருந்து பேத்தோவன் பிறந்த பொன் நகருக்கே படிக்கப் போன மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் நினைவுப்பொருள் கடையில் யாரோ ஒரு சுற்றுலாப் பயணி சின்ன இசைப்பெட்டியின் பிடியைச் சுழற்ற, அந்த மெட்டு வருகிறது. மாணவரின் கை தன்னால் சட்டைப் பையில் சில்லறை தேடுகிறது. வாயில் சீனி ருசிக்கிறது. கண்ணாடிப் பெட்டியைத் தேடித் திரும்பினால் பேத்தோவனின் மார்பளவுச் சிலைகள் வரிசையாக முறைத்துக்கொண்டு நிற்கின்றன.

அடுத்து அவர் அதே மெட்டை ஒரு கச்சேரியில் கேட்கிறார். ஆரம்பம் சரியாகவே போகிறது. கொஞ்ச நேரத்தில் பியானோக்காரர் வேறு எங்கேயோ போய்விடுகிறார். மெட்டுக்கு நடுப்பகுதிகள் உண்டு என்பது பாண் வண்டிக்குத் தெரியாது. அது முதல் சில அடிகளையே திருப்பித் திருப்பிப் போடும். மாணவருக்கு வண்டி வளைவில் பழுதாகி நின்றுவிட்டது போல் ஒரு பதற்றம். முதல் மெட்டு திரும்பி வந்ததும்தான் மூச்சு வருகிறது.

ஆறுதல் கிடைப்பது மூன்றாவது முயற்சியில். ஊரிலிருக்கும் தங்கையிடம் சொல்லி, இஸ்தோப்பில் நின்று வண்டி வருவதை வாட்ஸ்அப்பில் பதிந்து அனுப்பச் சொல்கிறார். அந்தப் பதிவில் மெட்டு மெலிதாகத் தொடங்கி, ரப்பர் மரங்களுக்குப் பின்னால் மறைந்து, வளைவில் திடீரென்று பெரிதாகிறது. நாய் குரைக்கிறது. தகரக் கூரையில் மழை. “மல்லி, பொட்டக் இன்ன!” என்று அம்மா கத்துகிறார். வண்டிக்காரர் நிறுத்தவில்லை போலிருக்கிறது, மெட்டு தூரமாகிறது. “காது கேக்காதா இவனுக்கு? இனி ரொட்டிதான் சுடணும்” என்ற முணுமுணுப்போடு பதிவு முடிகிறது. கச்சேரியில் கிடைக்காதது இதில் கிடைக்கிறது. மாணவர் அதை மூன்று தரம் கேட்டுவிட்டு, மாவைக் குழைத்து ரொட்டி சுடப் போகிறார்.

பேத்தோவனே வெளியூர் மாணவர்தான். 1792இல் ஹைடனிடம் பாடம் கேட்க வியன்னாவுக்குப் போனவர் பிறகு பொன்னுக்குத் திரும்பவே இல்லை. இந்தத் தகவலை அம்மாமாரிடம் சொல்ல வேண்டாம்.

தைவானுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கேயும் இதே மெட்டோடு மாலையில் தெருவுக்கு வண்டி வரும், அக்கம்பக்கத்தார் கையில் பையோடு ஓடுவார்கள். அது மாநகரக் குப்பை லொறி. தட்டோடு போகக்கூடாது.