எத்தனை பேர் நீங்க?

டூ-லெட் பலகை தொங்கும் வீட்டின் மணியை அடித்துவிட்டு, கதவைத் திறந்தவரிடம் நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "வீடு காலியா இருக்குங்களா?" பலகையைப் படித்துவிட்டுத்தானே வந்தாய் என்று வீட்டுக்காரர் திருப்பிக் கேட்பதில்லை. தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்க்கிறார். அப்புறம், "எத்தனை பேர் நீங்க?" என்கிறார். அவ்வளவுதான், விசாரணை தொடங்கிவிட்டது. வீடு பார்க்கப் போனவரை வீட்டுக்காரர் பார்த்து முடித்த பிறகுதான் சாவிக்கொத்து வெளியே வரும்.

சென்னை வீட்டுக்காரர் மனதில் நாலு கேள்விகள் எப்போதும் தயாராக இருக்கும். எத்தனை பேர், குடும்பமா பேச்சிலரா, என்ன வேலை, எப்போது குடிவருவீர்கள். கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் இரண்டு தனியாக உண்டு. ஒன்று, கவிச்சி சமைப்பீர்களா என்பது. அதை "ப்யூர் வெஜ்தானே?" என்று பதிலையும் சேர்த்தே கேட்டுவிடுவார்கள். இன்னொன்று, நீங்கள் என்ன ஆட்கள் என்பது. அதற்கு நேர்வழி கிடையாது, "சொந்த ஊர் எது?" என்று சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். திருநெல்வேலி என்று சொன்னால், "திருநெல்வேலியில எங்க?" டவுன் என்றால், "டவுன்ல எந்தத் தெரு?" தபால்காரருக்குக்கூட இவ்வளவு விவரம் தேவைப்படாது. என் வழக்கம் இதுதான்: ஊர் வரைக்கும் பதில் சொல்வேன். பேச்சு தெருவுக்குள் இறங்கினால், வீட்டைப் பார்க்காமலே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நானும் தெருவில் இறங்கிவிடுவேன். தெருவைக் கேட்டு வீடு கொடுப்பவர், நாளைக்கு நம் வீட்டுக்கு வரும் விருந்தாளியின் தெருவையும் கேட்பார்.

மற்ற நாலு கேள்விகளும் நியாயமானவை. அவற்றை அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், முதல் வணக்கத்திலேயே பதிலை வைத்துவிடுவது நல்லது. மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிப் போர்ஷன் பார்க்கப் போனபோது கீழ்வீட்டு வாசலில் நான் சொன்னது இது:

"வணக்கம் சார். காலையில போன்ல பேசினேனே, ராமாபுரத்துலேர்ந்து வர்றோம். நாங்க நாலு பேர். நான், இவங்க, பொண்ணு எட்டாவது படிக்கிறா, அப்புறம் எங்க அம்மா. நான் பேங்க்ல இருக்கேன். மார்கழி போனதும் தையில வரலாம்னு இருக்கோம். மாடியைப் பார்க்கலாங்களா?"

இதில் ஒரு சொல்கூட அலங்காரம் இல்லை. போனில் பேசியதைச் சொன்னதால், புரோக்கர் இல்லாமல் வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அவருக்கும் ஒரு மாத வாடகை கமிஷன் மிச்சம், நமக்கும் மிச்சம். பெண் எட்டாவது என்றதும் அவர் முகம் தெளிந்தது. பத்தாவது முடியும்வரை இவர்கள் நகர மாட்டார்கள், அதுவரை வெள்ளையடிக்கும் செலவு இல்லை என்ற கணக்கு அது. அம்மா என்றதும் இரண்டு கணக்குகள் ஒன்றையொன்று முட்டின. எப்போதும் வீட்டில் ஆள் இருக்கும், அதனால் திருட்டுப் பயம் இல்லை. எப்போதும் வீட்டில் ஆள் இருக்கும், அதனால் தண்ணீர் கூடுதலாகச் செலவாகும். இரண்டும் அவர் நெற்றியில் அடுத்தடுத்து ஓடியதைப் பார்த்தேன்.

ஆள் கணக்கில் மட்டும் பொய் சொல்லக் கூடாது. நாலு என்று சொல்லிவிட்டு ஆறு பேராகக் குடிபோனால், மறுநாள் காலையிலேயே மாடிப்படியில் கிடக்கும் செருப்பை எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அழைக்கும் முறைக்கு வருவோம். ஆணாக இருந்தால் 'சார்' போதும், எந்த வயதுக்கும் பழுதில்லை. கதவைத் திறப்பது பெண்மணியாக இருந்தால்தான் சிக்கல். ஐம்பது வயதுக்காரர் நாற்பத்தைந்து வயது அம்மையாரை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டால், அந்த வீட்டு வாடகையில் அதற்குமேல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மாம்பலம் என்பதற்காக எடுத்த எடுப்பில் 'மாமி' என்பதும் ஆபத்து. அவர் மாமியாக இல்லாவிட்டால் அவருக்குச் சங்கடம், மாமியாகவே இருந்தால் நாம் எந்தத் தெரு என்ற கேள்வி நமக்குச் சங்கடம். "வணக்கம்மா" என்பது எல்லா வாசலிலும் செல்லும். அதைக் கட்டாயம் சொல்லவும் வேண்டும். ஏனென்றால் சார் எவ்வளவு நேரம் பேசினாலும் கடைசியில், "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். முடிவெடுப்பவர் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போகிற ஆண், பேரன் எடுத்தவராக இருந்தாலும் அன்றைக்கு பேச்சிலர்தான்.

இதுவரை சொன்னது கீழ்வீட்டு வணக்கம். மேலே இன்னொரு வணக்கம் காத்திருக்கிறது, அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். பழைய குடித்தனக்காரர் இன்னும் காலி செய்யாத வீடாக இருந்தால், வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "வீடு பார்க்க வந்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவார். பின்னாலேயே நாமும் போவோம். அங்கே ஒருவர் தட்டில் ரசம் சாதத்தோடு உட்கார்ந்திருப்பார். கட்டிலில் மடிக்காத துணி குவிந்திருக்கும். வாடகை கொடுக்கிறவரை அந்த வீடு அவருடையது. உள்ளே வர வேண்டுமானால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்கு முன்னால் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே சொல்கிறது. நடைமுறையில் அது 24 நொடி. ஆகவே நாம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, "சாப்பிட்டுட்டு இருக்கீங்க, நாங்க வெளியில நிக்கிறோம்." இதைச் சொன்னால் அவர் எழுந்து, "பரவாயில்லை, வாங்க" என்பார். மரியாதைக்கு மரியாதை. அதோடு, அந்த வீட்டைப் பற்றி உண்மை தெரிந்த ஒரே ஆள் நம்மிடம் பேசத் தயாராகிவிடுகிறார்.

தயாராவார், ஆனால் உண்மையைச் சொல்வாரா? இங்கேதான் அட்வான்ஸ் குறுக்கே வருகிறது. அந்த மாடிக்கு வாடகை 18,000. பழைய கணக்கில் பத்து மாத அட்வான்ஸ், அதாவது 1,80,000 ரூபாய் வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும். இருக்காது. அது பெண் கல்யாணத்திலோ பையன் காலேஜிலோ போய்ச் சேர்ந்து வருஷமாகியிருக்கும். 2017-இல் வந்து 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த வேறு உடன்பாட்டை வீட்டுக்காரர் டைப் அடித்துத் தயாராக வைத்திருப்பார். பழையவருக்குத் திருப்பித் தர வேண்டிய பணம், புதிதாக வருகிற நம் சட்டைப் பையிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே வீடு பார்க்க வந்த நம்மைப் பழையவர் பார்க்கும்போது அவருக்குத் தெரிவது தன்னுடைய 1,80,000 ரூபாய். "தண்ணிக்குப் பிரச்சினையே இல்லைங்க, காத்து அப்படி வரும், ஹவுஸ் ஓனர் தங்கமான மனுஷர்" என்பார். தங்கமான மனுஷரை விட்டு ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், "பையனுக்கு ஸ்கூல் தூரம்" என்று பதில் வரும்.

இதற்கு நான் கண்ட வழி ஒன்று உண்டு. 'எப்படி' என்று கேட்காமல் 'எப்போது' என்று கேட்பது. "தண்ணி எப்படிங்க?" என்றால் "நல்லா வரும்" என்பார். "மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு விடுவாங்க?" என்று கேளுங்கள். "காலையில ஆறுலேர்ந்து ஏழு. மே மாசம் லாரிக்குச் சொல்லுவோம்" என்று வந்தால் அந்த மனிதரை நம்பலாம். "அதெல்லாம் எப்பவும் வரும்" என்று வந்தால், அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை என்று அர்த்தம். பேசிக்கொண்டே சமையலறையில் பிளாஸ்டிக் குடங்கள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். தண்ணீர் எப்போதும் வருகிற வீட்டில் ஏழு குடம் எதற்கு? குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் போர் தண்ணீர் உப்பு.

கரண்டுக்கும் இதே மாதிரிதான். "கரண்ட் பில் எவ்வளவு வரும்?" என்று கேட்க வேண்டாம். "இ.பி. கார்டு தனியா, இல்லை சப்-மீட்டரா?" என்று கேளுங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் அரசாங்கத்தின் உபயம். சப்-மீட்டர் என்றால் அந்த உபயம் பெரும்பாலும் கீழ்வீட்டிலேயே நின்றுவிடும். மாடிக்கு வருவது யூனிட்டுக்கு இத்தனை என்று வீட்டுக்காரர் வைத்த விலை.

அன்றைக்கு மாம்பலத்தில் வீட்டுக்காரர் எங்கள் பக்கத்திலேயே நின்றார். பழையவர் எல்லாவற்றுக்கும், "நல்லா இருக்குங்க" என்றார். என் மனைவி அந்த வீட்டம்மாவிடம், "பிள்ளை எந்த ஸ்கூல்?" என்று ஆரம்பித்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே துணி காயப்போடும் இடத்துக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது விஷயம் முழுசாகத் தெரிந்திருந்தது. தண்ணீர் நன்றாகத்தான் வருமாம். மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரின் ஸ்விட்ச் மட்டும் கீழ்வீட்டுக்குள் இருக்கிறதாம். அவர்கள் கும்பகோணத்துக்குப் போனால், போகிற நாலு நாளும் மேல்வீட்டுக்குக் குளியல் கிடையாதாம். பழையவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை, நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கீழே இறங்கியதும், "சார், மோட்டார் ஸ்விட்ச்சை மாடிப்படி பக்கம் மாத்திக் கொடுத்தா நாங்க ரெடி" என்றேன். அவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து, "எலக்ட்ரீஷியன் செலவு அவங்களுதுன்னா சரின்னு சொல்லுங்கோ" என்று பதில் வந்தது. அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம்.

வாடகை பேரத்தைப் பற்றி இன்னும் நான் எதுவுமே சொல்லவில்லை. வாசலிலும் அப்படித்தான், அதைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். வந்ததும் வராததுமாக, "வாடகை குறையுங்களா?" என்பவரிடம், "இப்பதான் ஒருத்தர் பார்த்துட்டுப் போனார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒருத்தர் எல்லா வீட்டையும் நமக்குச் சற்று முன்னால் பார்த்துவிட்டுப் போகிறவர். அதேபோல், "ஐயோ, வீடு பிரமாதம்" என்று கூடத்தில் நின்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஆயிரம் ரூபாய் விலை.

இத்தனை சாமர்த்தியமும் நமக்கு வராது என்று நினைப்பவர்கள் ஆடி மாதத்தில் வீடு தேடுங்கள். ஆடியில் யாரும் பால் காய்ச்சுவதில்லை, காலியான வீடு காலியாகவே கிடக்கும். பேசி முடித்துவிட்டு ஆவணியில் குடிபோகலாம். அந்த ஒரு மாதம் மட்டும் வீட்டுக்காரரே நமக்கு முதல் வணக்கம் சொல்வார்.