விரல் கேட்ட கேள்விகள்

மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பரில் முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள். அதன்பின் பல வருஷம், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து எங்கள் சித்தி விடியற்காலை பஸ்ஸில் கீரையும் காயும் ஏற்றிக்கொண்டு அங்கே போவார். விவசாயி என்பதற்கு அடையாள அட்டை உண்டு. தராசு சந்தையில் கிடைக்கும். அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். காய் எப்படிப்பட்டது என்று சித்தி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. வாங்க வந்தவர்கள் வெண்டைக்காயின் நுனியை ஒடித்தார்கள், முருங்கைக்காயை முறுக்கினார்கள், கத்தரிக்காயின் காம்பு பச்சையா என்று திருப்பிப் பார்த்தார்கள். கீரைக் கட்டின் வேரில் மண் ஈரமாக இருந்தால் மறுபேச்சில்லை. "ரெண்டு கட்டு குடும்மா" என்றால் வியாபாரம் முடிந்தது.

இப்போது அதே தோட்டத்தைச் சித்தி மகன் பார்க்கிறான். சனிக்கிழமைதோறும் மதுரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நேரடியாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அங்கே உள்ள வாட்ஸ்அப் குழுவில் அவன் போட்டுவந்த செய்தி இது:

"100% ஆர்கானிக்! தோட்டத்திலிருந்து நேரடியாக உங்கள் இல்லம் தேடி! இன்று பறித்த பசுமையான, சத்தான, நஞ்சில்லாக் காய்கறிகள்! ஆரோக்கியமே செல்வம்! வேண்டுவோர் குழுவில் பதிவிடவும் அல்லது தனிச்செய்தி அனுப்பவும் அல்லது அழைக்கவும். முந்துங்கள்!"

சித்தி ஒன்றும் சொல்லாமல் விற்றதை நம்பினார்கள். மகன் இவ்வளவு சொல்லியும், "எப்பப் பறிச்சது?", "என்ன விலை?", "ஆர்கானிக்னா சர்டிபிகேட் இருக்கா?" என்று வரிசையாகக் கேள்விதான் வந்தது. கேட்பவர்கள் மேல் குற்றமில்லை. ஒடித்துப் பார்க்கக் காய் கையில் இல்லை. விரல் கேட்டுக்கொண்டிருந்ததற்கெல்லாம் இனி எழுத்துதான் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் நானும் அவனும் உட்கார்ந்து, செய்தியைப் பொருள் பொருளாகப் பிரித்து எழுதினோம்.

முதலில் "இன்று பறித்தது". வெள்ளி இரவு எழுதி, சனி காலை பறித்து, சிலர் ஞாயிற்றுக்கிழமை படிக்கும் செய்தியில் "இன்று" எந்த நாள்? கிழமையும் தேதியும் நேரமும் போட்டால் அந்தக் குழப்பம் இல்லை. அதற்கு மேல், எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி அவசரம் கிடையாது. பிடுங்கிய பிறகும் கீரையின் இலை வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும். வெயிலேறிப் பிடுங்கினால் மத்தியானத்துக்குள் துவண்டுவிடும். ஆகவே கீரைக்கு மணிக்கணக்கு சொல்ல வேண்டும். தக்காளிக்குப் பறித்த நேரத்தைவிடப் பறித்த பக்குவம் முக்கியம். அன்றைக்கே ரசம் வைப்பவருக்குப் பழம் வேண்டும். புதன்கிழமை வரை வைத்திருப்பவருக்குச் செங்காய்தான் சரி. சின்ன வெங்காயத்துக்கோ கணக்கே தலைகீழ். பிடுங்கின ஈரத்தோடு கொடுத்தால் கழுத்துப் பகுதியில் அழுகத் தொடங்கும். நிழலில் நன்றாக உலர்த்தி, தாள் சுருங்கி, கழுத்து மூடிய பிறகு பட்டறையில் இருந்து எடுத்ததுதான் நல்ல வெங்காயம். அதையும் சேர்த்து "இன்று பறித்த" என்று எழுதினால் நல்ல சரக்கையே குறைத்துச் சொன்னதாகும்.

அடுத்தது "ஆர்கானிக்". அவன் விடுவதாக இல்லை.

"ஏன்க்கா, ஆர்கானிக்னு போடாட்டி யாரு வாங்குவா?"

"தக்காளிக்கு அடியுரம் என்னடா போட்ட?"

"டிஏபி."

"பெறகு?"

"பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டுந்தான். கத்தரிக்குத்தான் போன வாரம் மருந்தடிச்சேன்."

2017இல் வந்த விதிப்படி, இயற்கை விளைபொருள் என்று சொல்லி விற்கச் சான்று வேண்டும். நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றில் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு சான்றிதழுக்குத்தான். டிஏபி போட்ட வயலுக்கு அந்தப் பெயர் எப்படியும் பொருந்தாது. போட்டதையும் அடித்ததையும் அப்படியே சொல்லிவிடலாம் என்றேன். கத்தரிக்கு அடித்த மருந்தின் டப்பாவிலேயே அறுவடைக்கு முன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அந்த நாள் முடியாததால் கத்தரி அந்த வாரம் பட்டியலில் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணத்தையும் எழுதினோம்.

ஆர்டரில்தான் அவனுக்கு உண்மையான தலைவலி. மூன்று இடத்தில் ஆர்டர் வரும். குழுவில் எழுதியவரே போனிலும் சொல்வார், இரண்டு முறை கட்டிவிடுவான். "தக்காளி 2" என்று வந்தால் இரண்டு கிலோவா, இரண்டு அரைக்கிலோவா? ஆகவே ஒரே வழி, ஒரே கெடு, அளவு இன்னதென்று முன்கூட்டியே கட்டிய பை. எப்படி எழுத வேண்டும் என்று விளக்குவதற்குப் பதிலாக ஒரு மாதிரி ஆர்டரையே எழுதிக் காட்டினோம். பார்த்து அதே போல எழுதுவது எல்லாருக்கும் எளிது. கடைசியில் செய்தி இப்படி வந்தது:

"சனிக்கிழமை, 14ஆம் தேதி, காலை 8 மணிக்கு மெயின் கேட்டில்.

சிறுகீரை, கட்டு ரூ.20. சனி காலை 5 மணிக்குப் பிடுங்குவோம். அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். 40 கட்டுதான் உண்டு.

தக்காளி, 1 கிலோ பை ரூ.40. வெள்ளி மாலை பறிப்பது. பழமா, செங்காயா என்று சொல்லுங்கள். செங்காயை வெளியில் வைத்தால் சில நாளில் பழுக்கும். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். அடியுரம் டிஏபி, பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும்.

சின்ன வெங்காயம், அரைக்கிலோ பை ரூ.35. போன மாதம் எடுத்து உலர்த்தியது. காற்றாட வையுங்கள்.

கத்தரி இந்த வாரம் இல்லை. மருந்தடித்து, பொறுக்க வேண்டிய நாள் முடியவில்லை.

ஆர்டர்: இந்த எண்ணுக்குத் தனிச்செய்தி மட்டும், வெள்ளி மாலை 4 மணிக்குள். மாதிரி: '204, கீரை 2, தக்காளி பழம் 1'. 'சரி, ரூ.80' என்று பதில் வந்தால்தான் ஆர்டர் உறுதி. பணம் கேட்டில். இரவு மழை பெய்தால் கீரை வராது. காலை 6 மணிக்குச் சொல்லிவிடுவோம்."

நான்கு மணிக் கெடுவுக்குக் காரணம் இருக்கிறது. எவ்வளவு தக்காளி பறிக்க வேண்டும் என்பது செடியிடம் போவதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும். மழை வரிக்கும் அப்படித்தான். மழையில் மண் தெறித்த கீரை கட்டுக்குள் சீக்கிரம் அழுகும். தொகையைச் சொல்லிப் பதில் அனுப்புவதால், அளவைத் தப்பாகப் புரிந்திருந்தால் வாங்குபவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

செய்தி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, திரும்பி வரும் கேள்விகளைப் பார்த்தால் போதும். ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டால் அங்கே ஒரு வரி குறைகிறது. "அரைக்கிலோ தக்காளி கிடைக்குமா?" என்று இரண்டு வீட்டில் கேட்டார்கள், அடுத்த வாரம் அரைக்கிலோ பையும் பட்டியலில் சேர்ந்தது.

பெரிய ஆபத்து போன வாரச் செய்தியை அப்படியே எடுத்துப் போடுவதில் இருக்கிறது. பிடுங்கிய நேரம், அடித்த மருந்து, பொறுக்க வேண்டிய நாள் எல்லாம் வாரந்தோறும் மாறும். ஒரு தேதி பழசாக நின்றுவிட்டால், துல்லியமாக எழுதிய அந்த வரியே பொய்யாகிவிடும். "பசுமையான" என்று பொதுவாகச் சொன்னதைவிட அது மோசம். அதனால் இப்போது வியாழக்கிழமை வயலைச் சுற்றி வந்த பிறகுதான் செய்தியை எழுதுகிறான். எழுதியதைச் சித்தியிடம் வாசித்துக் காட்டுகிறான். "இந்த வாரம் கீரை முத்திப்போச்சு, அதையும் சொல்லு" என்று அவர் சொன்னால், அதுவும் விலையைக் குறைத்துச் செய்தியில் ஏறுகிறது.