மூன்று வாக்கியமும் ஒரு ரூபாயும்

எங்கள் மேனேஜர் நேற்று சாயங்காலம் என்னுடைய மூன்று வாக்கியங்களில் ஒன்றைப் பாதியாக வெட்டிவிட்டார். இருப்பதே மூன்று. அதிலும் கை வைத்தால் என்ன செய்வது? கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

உங்களுக்கும் தெரிந்த தலைவலிதான். மீட்டிங் ஒன்று, குறிப்பு இரண்டு. மேலே இருப்பவருக்கு மூன்று வாக்கியம், டீமுக்கு முழுப் பக்கம். இதற்கென்று ஒரு சூத்திரமே வைத்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

நேற்றைய மீட்டிங் புதிய சம்பள மென்பொருளைப் பற்றி. மார்ச் சம்பளத்தைப் பழையதிலும் புதியதிலும் போட்டுப் பார்த்தால், பலருக்கு ஒரு ரூபாய் இடித்தது. பழையது அடிப்படைச் சம்பளம், படிகள் எல்லாவற்றையும் கூட்டிவிட்டுக் கடைசியில்தான் பைசாவை முழு ரூபாயாக்கும். புதியது ஒவ்வொன்றையும் முதலில் முழு ரூபாயாக்கிவிட்டு அப்புறம் கூட்டும். 100.50-உம் 200.50-உம் கூட்டினால் 301. தனித்தனியே மேலே தள்ளிக் கூட்டினால் 302. இந்த ஒரு ரூபாய்க்கு ஒரு மணி நேரம் பேசினோம்.

டீமுக்கான பக்கம் சுலபம். கடைசியில் மட்டும் முழு ரூபாயாக்குவது என்று முடிவு. யார் மாற்றுவது, என்றைக்குள். மே சம்பளத்தைப் புதியதில் போடக் கணக்குப் பிரிவு அரியர்ஸ் பட்டியலைப் புதன்கிழமைக்குள் கொடுப்பது. மறுபடி மார்ச் சம்பளத்தையே போட்டுச் சரிபார்ப்பது. வேண்டாமென்று விட்ட யோசனையையும் எழுத வேண்டும். சம்பளச் சீட்டில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார் ஒருவர். அந்த வரியைப் பார்த்து ஊழியர் ஒவ்வொருவரும் போன் போடுவார்கள் என்பதால் விட்டோம். இதை எழுதாவிட்டால் அடுத்த வாரம் அதே ஆள் அதே யோசனையோடு வருவார், நாமும் அதே ஒரு மணி நேரம் உட்காருவோம்.

அந்தப் பக்கத்தைச் சுண்டக் காய்ச்சினால் மூன்று வாக்கியம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் எழுதிப் பார்த்ததில்லை. பெரியவருக்கு வேண்டியது வேறு: என்ன மாறுகிறது, ஏன், தான் என்ன செய்ய வேண்டும். ‘ஒரு ரூபாய் வித்தியாசம்’ என்று எழுதினேனோ தொலைந்தேன். “ஒரு ரூபாய்தானே, விடுங்க” என்று பதில் வரும். ஆகவே, ‘வங்கிக்குப் போகும் மொத்தத் தொகை கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை’ என்று எழுதினேன். அதே ஒரு ரூபாய்தான். ஆனால் இப்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

சூத்திரத்துக்கு வருவதற்குமுன் இடம் கேட்டு வருகிறவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முழுப் பக்கத்தில் பெயர் வந்தால் யாரும் சீந்துவதில்லை, ஏனென்றால் அங்கே வந்தால் வேலை வரும். மூன்று வாக்கியத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரு துண்டு போட வேண்டும். டெஸ்டிங் தம்பி வந்து, “கண்டுபிடிச்சது நாங்கதான்னு ஒரு வார்த்தை போடுங்கண்ணே” என்கிறான். சர்வர்காரர் வந்து, தங்கள் பக்கம் தவறில்லை என்று சேர்க்கச் சொல்கிறார்; தவறென்று யாருமே சொல்லவில்லை. கணக்குப் பிரிவு அம்மா, “எங்க பேரு வரவே கூடாது” என்கிறார், அதுவும் ஒரு கோரிக்கைதானே. மீட்டிங் முழுக்க கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கியவர் வந்து, “நானும் இருந்தேன்னு தெரியணும்” என்கிறார். இத்தனை பேரையும் ஏற்றினால் வாக்கியம் மூன்றுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராக இறக்கிவிட்டேன். இரண்டு பேர் இன்றைக்கு என்னோடு டீ குடிக்க வரவில்லை.

இப்படித் தேறியதில் முதல் வாக்கியம் இது: ‘கணக்குப் பிரிவு அரியர்ஸ் பட்டியலைப் புதன்கிழமைக்குள் கொடுத்தால், மே சம்பளம் புதிய மென்பொருளில் போடப்படும்.’ மூன்றாவதில், ஏப்ரலுக்குப் பழைய மென்பொருளின் உரிமத்தை நீட்டிக்க வெள்ளிக்குள் அனுமதி கேட்டிருந்தேன்.

மேனேஜர் படித்தார். “இந்த ‘கொடுத்தால்’ எல்லாம் நெகட்டிவா இருக்கு” என்று சொல்லி, முன்பாதியை எடுத்துவிட்டு அனுப்பிவிட்டார். மேலிருந்து ‘சூப்பர்’ என்று பதில். இனி புதன்கிழமை பட்டியல் வரவில்லையென்றால், டீமின் பக்கத்தைப் பார்த்தால் பாக்கி கணக்குப் பிரிவுடையது. பெரியவரின் மூன்று வாக்கியத்தைப் பார்த்தால் என்னுடையது. மே மாதம் யார் எதைத் திறந்து பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பட்டியலுக்காகக் கணக்குப் பிரிவை நெருக்கக்கூடிய ஒரே ஆள் பெரியவர்தான், அவருக்குத்தான் அப்படி ஒன்று தேவை என்பதே தெரியாது.

சூத்திரம் இன்னொரு நாள். மேலே இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மூன்று வாக்கியத்தில் ஒரு தேதி நிச்சயமாகத் தெரிந்தால், எழுதியவனைக் கூப்பிட்டு, “இது எதை நம்பி?” என்று ஒரு தடவை கேளுங்கள். மேனேஜர் பக்கத்தில் இல்லாதபோது கேட்டால் இன்னும் நல்லது.