தரை, பெஞ்சு, சேர், சிக்மா

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மூன்றே வகுப்புகள்: தரை, பெஞ்சு, சேர். எது உசத்தி என்று கேட்டவர் யாருமில்லை. கேட்டிருந்தால் டிக்கெட் கிழிப்பவர் சிரித்திருப்பார். உட்காரப் போகிற இடமே வகுப்பின் பெயராகவும் இருந்ததால், பள்ளிக்கூடப் பக்கமே போகாத பாட்டிகூட கவுன்டர் ஓட்டைக்குள் கையை நுழைத்து "ரெண்டு தரை" என்று கேட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக உள்ளே போவாள். பெஞ்சு என்றால் மண் ஒட்டாது, சேர் என்றால் முதுகு சாய்க்கலாம்; ஒவ்வொரு படிக்கும் என்ன கூடுகிறது என்பது உடம்புக்கே தெரியும்.

நான் தரை டிக்கெட் பரம்பரை. மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் ஏறி உட்காருவதும், "தம்பி, மறைக்குதுடா" என்று பின்னாலிருந்து ஒரு கை மேட்டைக் கலைப்பதும், சண்டைக்காட்சியில் அவர் அசந்த நேரம் பார்த்து நான் மறுபடி கட்டுவதுமாகவே பாதிப் படம் ஓடிவிடும். இடைவேளை முடிந்து விளக்கணைகிற அந்த ஒரு நொடியில் குட்டைச் சுவரைத் தாண்டிப் பெஞ்சுக்குப் போய்விடுகிற பெரிய பையன்களைப் பார்த்து நான் விட்ட பெருமூச்சை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பெஞ்சைத் தாண்டிச் சேர் வரைக்கும் ஆசைப்பட்டதாக நினைவில்லை. அடுத்த படி எது என்று தெளிவாகத் தெரிந்தால் மனசு அதோடு நின்றுவிடும் போலிருக்கிறது. இன்று நகரத்து மல்டிபிளெக்ஸில் எலைட்டுக்கும் பிரைமுக்கும் நடுவே விழிபிதுங்கி நிற்கும்போது, ரிக்ளைனர் ஒன்றுதான் கைகொடுக்கிறது. அதுவாவது உட்காருகிற பொருளின் பெயர்.

இத்தனை தெளிவாகப் பெயர் வைப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு, அதை ரயிலில் பார்த்தோம். முதல், இரண்டு, மூன்று என்று எண் போட்டுவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது. மூன்றாம் வகுப்பில் ஏறுகிறவருக்குத் தாம் மூன்றாமவர் என்பதிலும் குழப்பம் வராது. 1974-ல் அந்த மூன்றாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். எங்கள் தாத்தா அடுத்த முறை ரயிலேறி வந்து திண்ணையில் உட்கார்ந்தபடி, "பலகை அதேதான், நான்தான் ஒரு கிளாஸ் பாஸாயிட்டேன்" என்றார். வரிசையும் புரிய வேண்டும், அடியில் இருப்பவருக்கும் வலிக்கக் கூடாது. பெயர் வைக்கிறவர்களின் பாடு அன்றிலிருந்து இதுதான்.

அந்தப் பாட்டைச் சமாளித்ததில் எனக்குப் பிடித்தது மாருதிக்காரர்களின் வழி. 800 காலத்தில் ஸ்டாண்டர்டு, ஏ.சி. என்று தரை பெஞ்சு பாணியிலேயே சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பிறகு எழுத்துக்கு வந்தார்கள். 2005-ல் ஸ்விஃப்ட் வந்தபோது எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ. அந்த எழுத்துகளுக்கு விரிவு என்ன என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, கவலையும் இல்லை. எல்லுக்குப் பின் வி, விக்குப் பின் இசட் என்பது ஒன்றாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். அடி வகுப்பை மட்டம் தட்டுகிற சொல் எதுவும் அதில் இல்லை, ஆனாலும் வரிசை இருந்தது. தெரிந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்தது என்பதால்தான், பின்பக்கம் எல்எக்ஸ்ஐ என்று எழுதியிருந்த என் முதல் காரைக் கல்யாண மண்டபங்களில் எப்போதும் பின்புறம் சுவரை ஒட்டி வருகிற மாதிரி நிறுத்துவேன். மனைவி கேட்டால், "கிளம்பும்போது எடுக்கச் சுலபம்" என்பேன். இத்தனை நல்ல ஏற்பாட்டிலும் ஒன்றை மறந்துவிட்டார்கள்: இசட்டுக்கு மேல் எழுத்தில்லை. அதற்கும் மேலே ஒரு வகுப்பு தேவைப்பட்ட நாளில் வேறு வழியில்லாமல் இசட்எக்ஸ்ஐ பிளஸ் என்று ஒட்டுப் போட்டார்கள். ஆனால் பிளஸ் நல்ல ஒட்டு. பக்கத்திலேயே பிளஸ் இல்லாத ஒன்று நிற்கிறவரை யாருக்கும் சந்தேகம் வராது.

இப்படியே விட்டிருக்கலாம். 2015-ல் அதே கம்பெனி கொஞ்சம் ஒய்யாரமான கார்களுக்கென்று நெக்ஸா என்ற தனி ஷோரூம்களைத் திறந்தது. போன வருஷம் மகளோடு அங்கே பலேனோ பார்க்கப் போனேன். குளிர்ந்த கூடம், குளிர்ந்த காப்பி, கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர். "நாலு வேரியன்ட் சார். சிக்மா, டெல்டா, ஸீட்டா, ஆல்பா" என்றார்.

எனக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் கண்முன் வந்து நின்றார். ஆல்பா, பீட்டா என்றால் இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள். சிக்மா என்றால் எல்லாவற்றையும் கூட்டு. கூட்டச் சொல்கிற குறி ஆயிற்றே, எல்லா வசதியும் சேர்ந்த வண்டி அதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். "அதுதான் சார் பேஸ் மாடல்" என்றார் இளைஞர், அடிக்குரலில். மகள் கைபேசியில் கிரேக்க எழுத்து வரிசையைத் தேடி எடுத்தாள். ஆல்பா முதலாவது, டெல்டா நான்காவது, ஸீட்டா ஆறாவது, சிக்மா பதினெட்டாவது. "அப்பா, இவங்க கீழேயிருந்து மேலே போற வரிசை பதினெட்டு, நாலு, ஆறு, ஒண்ணு. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல" என்றாள். ஆல்பாவை உச்சியில் வைத்ததற்கு நியாயம் உண்டு, முதலெழுத்து, முதல் ரேங்க். சிக்மா கடைசிப் பக்கத்து எழுத்து, அடியில் கிடப்பதும் சரிதான். நடுவில் டெல்டாவும் ஸீட்டாவும்தான் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, இடைவேளைக்குப் பிந்தைய பையன்களைப் போல.

பெயர் கைவிட்டதால் இளைஞர் பொருளால் விளக்கினார். சிக்மாவில் பாட்டுப்பெட்டி கிடையாது. டெல்டாவில் தொடுதிரையோடு வரும். ஸீட்டாவில் சாவி போடாமல் பொத்தானை அழுத்தி வண்டியைக் கிளப்பலாம். ஆல்பாவில் நாலு பக்கமும் கேமரா, ஓட்டுகிறவர் கண்ணெதிரே வேகம் காட்டும் கண்ணாடி. ஒவ்வொன்றிலும் முந்தையதில் இருப்பது அப்படியே இருந்து, மேலே ஒன்று கூடுகிறது. ஏணி ஒழுங்காகத்தான் இருக்கிறது, படிகளில் எழுதிய எண்தான் கலைந்து கிடக்கிறது.

இன்னொரு கம்பெனியின் வழி இன்னும் வேடிக்கை. 2021-ல் வந்த டாடா பஞ்சில் பியூர், அட்வெஞ்சர், அக்காம்பிளிஷ்டு, கிரியேட்டிவ் என்று ஏறிற்று. 2023-ல் புதுப்பித்து வந்த நெக்ஸானில் ஸ்மார்ட், பியூர், கிரியேட்டிவ், ஃபியர்லெஸ். பஞ்சில் அடியில் கிடந்த பியூர் இங்கே இரண்டாம் படி. அங்கே உச்சியில் இருந்த கிரியேட்டிவ் இங்கே ஃபியர்லெஸ்ஸுக்குக் கீழே. பஞ்சு வைத்திருப்பவரும் நெக்ஸான் வைத்திருப்பவரும் "நம்மளது கிரியேட்டிவ்" என்று கைகுலுக்கிக்கொண்டால், ஒருவர் பால்கனி, இன்னொருவர் சேர். அடியில் இருப்பவரைச் சுத்தமானவர், புத்திசாலி என்றெல்லாம் பாராட்டி அனுப்புவது நாகரிகம்தான், மூன்றாம் வகுப்பு என்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் துணிச்சல் பெரிதா, படைப்பாற்றல் பெரிதா என்பதைக் கார் வாங்கப் போகிற இடத்திலா தீர்மானிப்பது?

நாங்கள் டெல்டாவை எடுத்தோம். பாட்டு வேண்டும், வேகம் காட்டும் கண்ணாடி வேண்டாம். நீங்கள் போனால் பெயர்களோடு மல்லுக்கட்டாதீர்கள், விலைப் பட்டியலைக் கேட்டு வாங்கி அடியிலிருந்து மேலே படியுங்கள், ஒவ்வொரு வரிக்கும் "இதுக்கு மேல என்ன கூடுது?" என்று மட்டும் கேளுங்கள். அந்தத் தம்பிகள் பொறுமையாகச் சொல்வார்கள், காப்பியும் தருவார்கள்.