‘நடத்தை’ என்று எழுதாதீர்கள்

பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. பள்ளிக்கூடத்து டீச்சர் பக்குவமாக எழுதி அனுப்புவது, குப்பத்து வீட்டுக்குள் தமிழில் நுழையும்போது ஏன் இடியாக இறங்குகிறது?

கே: நான் இல்லம் தேடிக் கல்வியில் பாடம் சொல்லித் தந்தவள். இங்கிலீஷ் மீடியம் பையன்களின் டைரியை அம்மாக்கள் என்னிடம்தான் படிக்கக் கொடுப்பார்கள். ‘பிஹேவியர்’ பற்றி டீச்சர் நாலு வரி எழுதியிருந்தார். ‘வகுப்பில் நடத்தை சரியில்லை’ என்று சொன்னேன். அந்த அக்கா அழுதுவிட்டார், இரண்டு நாள் பையனை அனுப்பவே இல்லை. தப்பு எங்கே? (கோரைக்குப்பம்)

ப: ‘நடத்தை’யில். அகராதி சரியாகத்தான் சொல்கிறது, ஆனால் அகராதிக்குக் குப்பத்தில் வீடு கிடையாது. ஆங்கிலத்தில் பிஹேவியர் என்பது அந்தப் பையன் அன்று காலை பத்தரை மணிக்குச் செய்தது, பதினொன்றுக்கு மாறிவிடக்கூடியது. தமிழில் நடத்தை என்பது ஒருவருடைய குணத்துக்கு ஊர் கொடுக்கும் சான்றிதழ். ‘நடத்தை கெட்டவள்’ என்று பெண்ணைத் திட்டவும் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். அந்த அக்காவின் காதில் விழுந்தது பையனைப் பற்றிய செய்தி இல்லை, தன் வளர்ப்பைப் பற்றிய தீர்ப்பு.

பெயர்ச்சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு வினைச்சொல்லுக்குப் போங்கள். என்ன செய்தான், எப்போது, எத்தனை தடவை? ‘பாடம் நடக்கும்போது இடத்தை விட்டு எழுந்து போகிறான்’ என்றால் அதைத் திருத்தலாம். ‘நடத்தை சரியில்லை’ என்றால் அழ மட்டும்தான் முடியும். டீச்சரே வெறுமனே ‘பிஹேவியர்’ என்று எழுதி நிறுத்தியிருந்தால், உங்களுக்கு மொழிபெயர்க்க ஒன்றுமே தரவில்லை என்று அர்த்தம். அவரிடம் போன் போட்டுக் கேளுங்கள்.

கே: ‘ஒழுங்கீனம்’ என்று போடலாமா?

ப: வேண்டாம். அது பெரியவர்களை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதங்களில் வரும் சொல். பையனுக்கு ஏழு வயது. ‘சேட்டை’ போதும், அதில் கொஞ்சம் பிரியமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கே: நான் ஆசிரியை. முதலில் பாராட்டி, பிறகு குறையைச் சொல்லி, கடைசியில் உதவி கேட்டு எழுதுகிறேன். ஆங்கிலத்தில் மென்மையாகத்தான் இருக்கிறது. தமிழில் போனதும் பெற்றோர் முகம் தொங்கிப்போகிறது. (பொன்னேரி)

ப: உங்கள் கடிதத்தின் நகலைப் பார்த்தேன். ‘கெட்டிக்காரப் பையன், ஆனால் கவனம் சிதறுகிறது, மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, எங்களுக்குக் கவலையாக இருக்கிறது, வந்து சந்திக்கவும்’ என்று தமிழாகியிருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் மூலத்துக்கு விசுவாசம்தான். இருந்தும் நான்கு இடத்தில் குத்துகிறது.

முதல் குத்து ‘ஆனால்’. நம் ஊரில் பேச்சுக்கு நடுவே ஆனால் வந்தால், அதுவரை சொன்னதெல்லாம் பேச்சுக்குச் சொன்னது என்று கேட்பவர் தள்ளிவிடுவார். பாராட்டைத் தனி வாக்கியமாக, தேதி நேரத்தோடு சொல்லி முற்றுப்புள்ளி வையுங்கள்.

இரண்டாவது, ‘கவலை’. ஆங்கிலத்துக் கன்சர்ன் ஒரு ஆசிரியர் புருவம் உயர்த்தும் அளவுதான். விடியுமுன் கடலுக்குப் போன ஆள் வெயில் ஏறியும் திரும்பவில்லை என்றால் குப்பத்தில் படுவதற்குப் பெயர் கவலை. வகுப்பில் கவனம் சிதறும் பையனுக்கு அதைச் செலவழிக்காதீர்கள்.

மூன்றாவது, ‘எங்களுக்கு’. ஆங்கிலத்தில் ‘வீ’ என்றால் பள்ளிக்கூடம் மட்டுமா, பெற்றோரும் சேர்ந்தா என்று தெரியாது. அந்த மூட்டத்தில்தான் அங்கே நயம் ஒளிந்திருக்கிறது. தமிழ் ஒளிக்க விடாது: ‘நாங்கள்’ என்றால் பெற்றோர் வெளியே, ‘நாம்’ என்றால் உள்ளே. நீங்கள் செய்துவிட்டதைச் சொல்லும்போது ‘நான்’ என்று எழுதுங்கள். இனிச் செய்யப்போவதைச் சொல்லும்போது ‘நாம்’.

நான்காவது, ‘வந்து சந்திக்கவும்’. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்பது நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகத் தண்டனை. அந்த அப்பாவுக்கே சின்ன வயதில் அது நடந்திருக்கும். எதற்கு, எவ்வளவு நேரம் என்று சொன்னால்தான் அது அழைப்பாகும்.

இதையே இப்படி அனுப்பிப் பாருங்கள்: “வணக்கம் அக்கா. தம்பி திங்கள்கிழமை கணக்கில் எல்லாருக்கும் முன்னால் விடை சொன்னான். காலையில் நன்றாகக் கவனிக்கிறான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார முடியாமல் எழுந்து போய்விடுகிறான். இந்த வாரம் மூன்று நாள் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை இழுத்தான். முன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன், கொஞ்சம் பரவாயில்லை. ராத்திரி நன்றாகத் தூங்குகிறானா? உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் பத்து நிமிஷம் போனில் பேசினால் போதும். நாம் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.”

குறையில் எதுவும் மறையவில்லை, மூன்று நாள் என்ற கணக்குகூட இருக்கிறது. ‘தூங்குகிறானா’ என்பதைக் கவனியுங்கள். ‘தூங்க வைக்கிறீர்களா’ என்று கேட்டிருந்தால் பழி தாயின் மேல் விழுந்திருக்கும். பதிலும் அந்தக் கேள்வியில்தான் கிடைக்கும். அப்பா கிளம்பும்போது மூன்று மணிக்கே முழித்துக்கொள்ளும் பிள்ளைக்கு மதியம் இரண்டு மணி என்பது நடுராத்திரி. ‘பக்கத்துப் பிள்ளை’க்கும் காரணம் உண்டு. பெயர் போட்டால் அன்று சாயங்காலமே இரண்டு வீட்டுக்கும் நடுவில் சண்டை, அது ஊர்ப் பஞ்சாயத்து வரை போகும்.

கே: தம்பி டைரியை அவனே அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறான். ‘டூ டாக்கட்டிவ்’ என்று இருந்தது. ‘நல்லா பேசுறேன்னு மிஸ் எழுதியிருக்காங்க’ என்றான். இனி நான் படிக்கட்டுமா? ஒன்பதாவது படிக்கிறேன். (லைட்ஹவுஸ் குப்பம்)

ப: உன் தம்பிக்கு வருங்காலம் உண்டு, மொழிபெயர்ப்பு வேலையை மட்டும் இப்போது அவனிடம் கொடுக்கக் கூடாது. உன்னிடமும் கொடுக்கக் கூடாதம்மா. நீ படித்தால் அப்பா அம்மாவுக்கு மேலே உன்னை நிற்கவைத்தது போல் ஆகும். அவர்கள் கூசுவதை நீ பார்ப்பாய், நீ பார்ப்பதால் இன்னும் கூசுவார்கள். அந்தக் கோபம் தம்பி முதுகில் இறங்கும். மிஸ்ஸிடம் போய் ஒன்று மட்டும் சொல்: “அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது மிஸ், நீங்களே தமிழில் போன் பண்ணுங்க.”

கே: எழுத்தே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறேன். அதிலும் சிக்கல் வருகிறதே?

ப: எத்தனை மணிக்கு அனுப்புகிறீர்கள்? காலையில் என்றால் அம்மா மீன் ஏலம் விடும் இடத்தில் நிற்பார். கையில் ஈரம், சுற்றிலும் இரைச்சல், அதனால் ஸ்பீக்கரில் போடுவார். உங்கள் பக்குவமான குரலை முப்பது பேர் கேட்பார்கள். முதல் பதிவில் ‘தம்பி நல்லா இருக்கான், அவசரம் ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போனதும் தனியா பேசலாம்’ என்று மட்டும் சொல்லுங்கள். விஷயம் சாயங்காலம். வகுப்புக் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள், பெயர் இல்லாமல்கூட. இத்தனை நெருக்கமான வீடுகளில் பெயரை ஊரே கண்டுபிடித்துவிடும்.

கே: ‘தன் முறை வரும்வரை காத்திருக்கச் சிரமப்படுகிறான்’ என்று டீச்சர் எழுதினார். மீனவர்களுக்குப் புரியட்டும் என்று நான் ‘பாடு முறையை மீறுவது மாதிரி’ என்று விளக்கினேன். நல்ல உவமைதானே?

ப: உவமை அழகு, அளவுதான் பயங்கரம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை உரிமை உள்ள குடும்பங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு பாடு. இன்று ஒருவர் வலை கட்டும் இடத்தில் நாளை இன்னொருவர். அடுத்தவர் பாட்டில் இறங்குவது அவர் சோற்றில் கைவைப்பது, ஊர்க்கூட்டத்துக்கு வரும் குற்றம். குழாயடியில் வரிசையைத் தாண்டிய ஆறு வயதுப் பையனை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்களே! உள்ளூர்ச் சொல் என்பதாலேயே அது பொருந்திவிடாது. ‘தண்ணி குடிக்கும்போது வரிசையில் நிற்காமல் முன்னால் ஓடிவிடுகிறான்’ என்றாலே எந்த அப்பாவுக்கும் புரியும், சிரிப்பும் வரும்.

கே: எங்கள் தீவு ஆந்திரத்தில் இருக்கிறது, வீட்டில் பேசுவது தமிழ். தெலுங்கு சார் ‘மீ வாடு அல்லரி சேஸ்தாடு’ என்றார். கூட வந்தவர் ‘உங்கவன் அட்டகாசம் பண்றானாம்’ என்று சொல்ல, என் மாமனார் கொதித்துவிட்டார். (இருக்கம்)

ப: சார் சொன்னதில் பிரியம்தான் இருந்தது. தெலுங்கில் ‘மீ வாடு’ என்பது ‘உங்க பையன்’ என்று சொல்லும் நெருக்கமான பேச்சு. தமிழில் ‘உங்கவன்’ என்றால் கைநீட்டிக் குற்றம் சாட்டுவது. ‘அல்லரி’ நம் சேட்டைதான், அட்டகாசம் ஆகாது. போதாக்குறைக்கு அந்த ‘ஆம்’! ‘பண்றானாம்’ என்றதும் வாத்தியார் கண்ணால் கண்டது ஊர் வம்பாகிவிட்டது. ‘தம்பி கொஞ்சம் சேட்டை பண்றான்னு சார் சொல்றார்’ என்று யார் சொன்னது என்பதோடு சொல்லுங்கள். மாமனாருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கே: ‘கண்ணாடி உடைந்தது’ என்று எழுதினால் பெற்றோர் மனம் நோகாது. ‘உடைத்தான்’ என்றால் நோகும். முதலாவதையே எழுதலாமா?

ப: கை தவறி உடைந்திருந்தால் எழுதலாம், அது உண்மை. கல்லெடுத்து எறிந்திருந்தால் ‘உடைத்தான்’தான். உடைந்தது உடைத்தான், கிழிந்தது கிழித்தான் என்று தமிழ் தரும் ஜோடிகள் பெரிய வசதி. அதை வைத்து நடந்ததை மறைத்தால், அடுத்த முறை பெரிதாக நடக்கும்போது ‘இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை’ என்று அதே பெற்றோர் கேட்பார்கள். அந்த வெட்கம் இன்னும் பெரியது. அடித்தான் என்றால் அடித்தான்தான். எங்கே, எப்போது, அடிபட்ட பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

கே: எவ்வளவு பதமாகச் சொன்னாலும் அப்பாக்கள் ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்’ என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொன்னது புரிந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: அது கூச்சம் பேசுகிற பேச்சு. பிள்ளையை நீங்கள் மட்டமாக நினைத்துவிடுவீர்களோ என்று பயந்து, உங்களுக்கு முந்திக்கொண்டு அவரே கடுமையாகிறார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுத்திருக்கிறது. அதைச் சட்டமாகச் சொன்னால் இன்னும் கூசுவார். ‘அடிக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்லண்ணா, அதுக்காக நான் கூப்பிடலை’ என்று சொல்லுங்கள்.

‘புரிஞ்சுதா’ என்று கேட்காதீர்கள், புரிந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ‘இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பையன்கிட்ட என்ன சொல்லப் போறீங்கண்ணா?’ என்று கேளுங்கள். ‘ரெண்டு போடுவேன்’ என்றால் உங்கள் செய்தி வழியில் கெட்டுவிட்டது, உட்காரவைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். ‘சீக்கிரம் தூங்கச் சொல்றேன் டீச்சர்’ என்றால் விட்டுவிடலாம், அவருக்கு வலை பார்க்கிற வேலை இருக்கும்.